க்ரோனோமீட்டர் சான்றிதழ் உண்மையில் எதை அளக்கிறது?

கேள்வி: என் கைக்கடிகாரத்தின் டயலில் ‘க்ரோனோமீட்டர்’ என்று அச்சிட்டிருக்கிறது, கூடவே சான்றிதழும் தந்தார்கள். ஆனால் அது ஒரு நாளைக்கு ஐந்து வினாடி முந்துகிறது. சான்றிதழ் எதுவும் இல்லாத நண்பரின் ஆட்டோமேட்டிக் கடிகாரமோ ஒரு வினாடிகூடப் பிசகுவதில்லை. அப்படியானால் அந்தச் சான்றிதழ் எதைத்தான் சோதித்தது?

பதில்:

அது சோதித்தது பெரும்பாலும் துல்லியத்தை அல்ல, நிலைத்தன்மையை. கடிகாரம் முந்துவதையோ பிந்துவதையோ திருத்துவது எளிது. நாளுக்கு நாள், நிலைக்கு நிலை அது மனம் மாறுவதைத் திருத்துவதுதான் கடினம். சான்றிதழின் ஏழு அளவுகோல்களில் ஆறு இந்த மனமாற்றத்தையே அளக்கின்றன. விளம்பரங்கள் பேசுவது மீதமுள்ள ஒன்றைப் பற்றி மட்டுமே. உங்கள் குழப்பம் பிறக்கும் இடம் அதுதான்.

இயந்திரக் கைக்கடிகாரங்களுக்கு உலகெங்கும் அடிப்படையாக இருக்கும் விதி ஐ.எஸ்.ஓ. 3159. அதன்படி அதிக எண்ணிக்கையில் சான்று வழங்குவது சுவிட்சர்லாந்தின் சி.ஓ.எஸ்.சி. என்னும் அமைப்பு. 1973இல் கடிகாரத் தொழில் வேரூன்றிய ஐந்து மாநிலங்களும் அந்நாட்டின் கடிகாரத் தொழில் கூட்டமைப்பும் சேர்ந்து இதை நிறுவின. கடிகாரத்தைச் செய்பவர் வேறு, அளப்பவர் வேறு என்பதே அதன் முதல் பலம். இங்கே ஒரு செய்தி பலருக்கும் வியப்பளிக்கும். சோதனைக்குப் போவது உங்கள் கையில் இருக்கும் முழுக் கடிகாரம் அல்ல. உறைக்குள் பொருத்தப்படாத எந்திரம் மட்டுமே. சோதனைக்காக ஒரு தற்காலிக டயலையும் வினாடி முள்ளையும் மாட்டி அனுப்புகிறார்கள். எந்திரத்தில் பொறித்த வரிசை எண்தான் அதன் அடையாளம்.

சோதனை 15 நாள் நடக்கிறது. தினமும் ஒருமுறை சாவி கொடுப்பார்கள். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கேமரா வினாடி முள்ளின் இடத்தைப் பதிவு செய்யும். அதை அணுக் கடிகாரத்தின் நேரத்தோடு ஒப்பிடுவார்கள். முந்தைய நாளைவிட எத்தனை வினாடி கூடியது, எத்தனை குறைந்தது என்பதே அன்றைய ‘நாள் வீதம்’. முந்தினால் கூட்டல் குறி, பிந்தினால் கழித்தல் குறி. பதினைந்து நாளில் கிடைப்பது இப்படிப் பதினைந்து எண்கள்தான். மற்றதெல்லாம் அவற்றைக் கொண்டு போடும் கணக்கு.

முதல் பத்து நாளில் எந்திரத்தை ஐந்து நிலைகளில், நிலைக்கு இரண்டு நாளாக வைக்கிறார்கள். முதலில் சாவித்திருகு இடப்பக்கம் இருக்குமாறு செங்குத்தாக. பிறகு திருகு மேலே. அடுத்து திருகு கீழே. அதன்பின் டயல் கீழே பார்க்கப் படுக்கையாக. கடைசியில் டயல் மேலே பார்க்கப் படுக்கையாக. இந்தப் பத்து நாளும் வெப்பநிலை 23 டிகிரி செல்சியஸ். பதினோராம் நாள் டயல் மேலே இருந்தபடியே 8 டிகிரிக்குக் குளிர்விப்பார்கள். மறுநாள் மீண்டும் 23. அதற்கடுத்த நாள் 38. கடைசி இரண்டு நாள் 23 டிகிரியில், முதல் நிலைக்கே திரும்பி வரும். இவ்வளவு அலைக்கழித்த பிறகும் பழைய குணத்தோடு ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகவே அந்த இரண்டு நாள்.

விதிகளைச் சொல்லிக்கொண்டே போனால் புரியாது. இரண்டு எந்திரங்களைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு கணக்கே போட்டுப் பார்க்கலாம். ஒன்று உங்களுடையதைப் போன்றது. மற்றொன்று நண்பருடையதைப் போன்றது. முதல் பத்து நாளின் வீதங்கள், வினாடிகளில்:

உங்களுடையது:
திருகு இடப்பக்கம்: +2, +3
திருகு மேலே: +5, +4
திருகு கீழே: +1, 0
டயல் கீழே: +6, +7
டயல் மேலே: +7, +5

நண்பருடையது:
திருகு இடப்பக்கம்: −6, −1
திருகு மேலே: −9, −4
திருகு கீழே: −3, −7
டயல் கீழே: +7, +4
டயல் மேலே: +11, +8

உங்கள் எந்திரத்தின் பத்து எண்களையும் கூட்டினால் 40. ஆகவே சராசரி நாள் வீதம் +4. நண்பருடையதைக் கூட்டினால் பூஜ்யம்; சராசரியும் பூஜ்யம். விளம்பரக் கண்ணால் பார்த்தால் வென்றது நண்பரின் கடிகாரம். சான்றிதழின் முதல் அளவுகோலும் இந்தச் சராசரிதான். அது −4 முதல் +6 வரை இருக்கலாம் என்பதால் இரண்டுமே தேறிவிடுகின்றன. (20 மில்லிமீட்டருக்கு மேல் விட்டம் உள்ள எந்திரங்களுக்கான எல்லைகளையே இங்கே சொல்கிறேன், சிறியவற்றுக்குக் கொஞ்சம் தாராளம் உண்டு.) எல்லை முந்தும் பக்கம் சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள். ரயிலுக்குப் போகிறவருக்குக் கடிகாரம் முந்தினால் காத்திருப்பு, பிந்தினால் ரயிலே இல்லை.

இனி இரண்டாவது அளவுகோல். ஒரே நிலையில் அடுத்தடுத்த இரண்டு நாளும் எவ்வளவு வேறுபட்டன என்று ஐந்து நிலைகளிலும் பார்த்து, அந்த ஐந்து வித்தியாசங்களுக்கும் சராசரி எடுக்க வேண்டும். உங்களுடையதில் வித்தியாசங்கள் 1, 1, 1, 1, 2, சராசரி 1.2. நண்பருடையதில் 5, 5, 4, 3, 3, சராசரி 4. அனுமதி 2 வினாடி மட்டுமே. நண்பரின் எந்திரம் இங்கேயே தோற்றுவிட்டது. எதையுமே மாற்றாமல் வைத்திருந்தும், நேற்று ஒரு வேகம் இன்று ஒரு வேகம் என்று ஓடுகிறது. அந்த ஐந்தில் மிகப் பெரிய வித்தியாசம் 5க்கு மேல் போகக் கூடாது என்பது மூன்றாவது விதி. அதில் நண்பருடையது எல்லைக் கோட்டில் நின்று தப்பிக்கிறது.

நான்காவது, செங்குத்துக்கும் படுக்கைக்கும் உள்ள வித்தியாசம். முதல் நிலையின் சராசரியிலிருந்து டயல் மேலே இருந்த நிலையின் சராசரியைக் கழிக்க வேண்டும். உங்களுக்கு 2.5 கழித்தல் 6; அதாவது −3.5. அனுமதி −6 முதல் +8 வரை என்பதால் சரி. நண்பருக்கு −3.5 கழித்தல் 9.5, அதாவது −13. தோல்வி. ஐந்தாவது, சராசரியிலிருந்து மிகவும் விலகிப்போன ஒற்றை நாள். 10 வினாடிக்குள் இருக்க வேண்டும். உங்களுடையதில் அதிகபட்ச விலகல் 4, நண்பருடையதில் 11. மறுபடியும் தோல்வி.

சராசரி பூஜ்யமான எந்திரம் மூன்று இடத்தில் தோற்கிறது. நான்கு வினாடி முந்தும் எந்திரம் எல்லாவற்றிலும் தேறுகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நண்பர் பகலில் கையில் கட்டியிருக்கும்போது கடிகாரம் பிந்துகிறது. இரவில் டயல் மேலே இருக்கும்படி மேசையில் வைக்கும்போது, பிந்திய அளவுக்கே முந்திவிடுகிறது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகின்றன. அவர் ஒரு வாரம் கடிகாரத்தை இரவில் பக்கவாட்டில் நிறுத்தி வைத்துப் பார்க்கட்டும், அல்லது கழற்றாமல் தூங்கட்டும். பிசகாத கடிகாரம் பிசகத் தொடங்கும்.

இங்கே இன்னொரு சோதனையையும் மனத்துக்குள் செய்து பாருங்கள். நண்பரின் எந்திரத்தைத் திறந்து, ரெகுலேட்டரை நகர்த்தி நாளுக்கு மூன்று வினாடி வேகம் கூட்டுகிறோம் என்று வையுங்கள். பத்து எண்களிலும் மூன்று கூடும். சராசரி +3 ஆகும். ஆனால் நாளுக்கு நாள் வித்தியாசம் அதே 4. செங்குத்து-படுக்கை வித்தியாசம் அதே −13. மிகப் பெரிய விலகல் அதே 11. ஏனென்றால் இவை எல்லாமே ஓர் எண்ணிலிருந்து இன்னோர் எண்ணைக் கழித்துப் பெறுபவை; எல்லாவற்றோடும் ஒரே அளவைக் கூட்டினால் கழித்தலில் அது காணாமல் போய்விடும். இதற்கு நேர்மாறாக, உங்கள் கடிகாரத்தின் ரெகுலேட்டரை நாலு வினாடி குறைத்தால் உங்கள் சிக்கல் அங்கேயே முடிந்தது. மற்ற எண்கள் எதுவும் கெடாது. திறமையான பழுதுபார்ப்பவருக்கு அது சில நிமிட வேலை. நண்பரின் கடிகாரத்தை உங்களுடையதைப் போல் ஆக்க வேண்டுமானால், முன்னும் பின்னும் ஆடிக் கடிகாரத்தின் வேகத்தை வகுக்கும் பேலன்ஸ் சக்கரத்தையும் அதன் மயிரிழைச் சுருளையும் வெளியே எடுத்துச் சீர்செய்ய வேண்டியிருக்கும்.

ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படுக்கையாக இருக்கும்போது பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு, முனை ஒன்றில் நின்று பம்பரம்போல் ஆடுகிறது, உராய்வு குறைவு. செங்குத்தாக நிற்கும்போது அச்சின் இரண்டு முனைகளும் கல் துளைகளின் ஓரத்தில் பக்கவாட்டில் உரசுகின்றன. ஆட்டத்தின் வீச்சு குறைகிறது. வீச்சு குறைந்தாலும் ஆட்டத்துக்கு ஆகும் நேரம் மாறாத எந்திரம் இருந்தால் தொல்லையே இல்லை. நடைமுறையில் அது முழுதாக அமைவதில்லை. இதோடு சக்கரத்தின் விளிம்பில் ஒரு பக்கம் துளி எடை கூடியிருந்தாலும், செங்குத்து நிலையில் புவியீர்ப்பு அந்தப் பக்கத்தைப் பிடித்து இழுக்கும். திருகு மேலே இருந்தால் ஒரு வேகம், கீழே இருந்தால் வேறு வேகம் என்பது அப்படி வருகிறது. நாளுக்கு நாள் மாறும் வேகத்துக்குக் காரணம் பெரும்பாலும் வேறு: பற்சக்கரங்களின் உராய்வு ஒரே சீராக இல்லாதது, எண்ணெய் கூடியோ குறைந்தோ போனது, எங்கோ ஒட்டிய தூசு.

மீதமுள்ள இரண்டு அளவுகோல்களில் முதலாவது வெப்பத்தைப் பற்றியது. 38 டிகிரியில் கிடைத்த வீதத்திலிருந்து 8 டிகிரியில் கிடைத்ததைக் கழித்து, 30ஆல் வகுக்க வேண்டும். உங்கள் எந்திரம் குளிரில் +8, சூட்டில் +2 என்று ஓடியிருந்தால் கணக்கு −6 வகுத்தல் 30. அதாவது டிகிரிக்கு −0.2 வினாடி. அனுமதி 0.6. ஒரு காலத்தில் கடிகாரக்காரர்களின் பெரிய எதிரி இந்த வெப்பம்தான். சாதாரண எஃகுச் சுருளும் பித்தளைச் சக்கரமும் சேர்ந்தால் ஒரு டிகிரிக்குச் சுமார் 10 வினாடி பிந்தும்; முப்பது டிகிரிக்கு ஐந்து நிமிடம். சூட்டில் விறைப்பு மாறாத நிக்கல்-எஃகு உலோகக் கலவையை ஷார்ல் எடுவார் கியோம் கண்டுபிடித்த பிறகே இந்தச் சிக்கல் தீர்ந்தது. நிக்கல்-எஃகு கலவைகள் பற்றிய ஆய்வுக்காக அவருக்கு 1920இல் இயற்பியல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்றைய சுருள்களுக்கு இந்த 0.6 என்பது தாராளமான எல்லை என்றே நினைக்கிறேன். 8 டிகிரிக்கும் 38 டிகிரிக்கும் இடையில் 18 வினாடி வரை மாற விடுகிறது. ஏழாவது அளவுகோல், கடைசி நாளான பதினைந்தாம் நாளின் வீதத்துக்கும் முதல் இரண்டு நாளின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம். 5 வினாடிக்குள் இருக்க வேண்டும்.

சரி, சாதாரணத் துல்லிய உறுதிமொழி எப்படி இருக்கும்? ‘நாளொன்றுக்கு −20 முதல் +40 வினாடி’ என்றோ ‘±12 வினாடி’ என்றோ ஓர் எல்லை தருவார்கள். பொய்யில்லை. ஆனால் எந்த நிலையில், எந்த வெப்பநிலையில், எத்தனை நேரம் அளந்தார்கள் என்று கேளுங்கள். பல எந்திரங்களின் தொழில்நுட்பத் தாளில் இதற்கான பதில், டயல் மேலே இருக்கும் ஒரே நிலையில், முழுச் சாவி கொடுத்த சற்று நேரத்திலேயே அளந்தது என்பதுதான். எந்திரம் மிகவும் நன்றாக நடந்துகொள்ளும் தருணம் அது. ஸ்விஸ் நிறுவனமான ஈ.டி.ஏ. தன் 2824-2 எந்திரத்தை வெவ்வேறு தரங்களில் விற்றதைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அடிப்படைத் தரம் இரண்டு நிலைகளில் மட்டும் சரிசெய்யப்பட்டது. சராசரி ±12 வினாடிக்குள், நிலைகளுக்கிடையே 30 வினாடி வரை வேறுபடலாம். ‘டாப்’ தரம் ஐந்து நிலைகளில் சரிசெய்யப்பட்டது. சராசரி ±4, வேறுபாடு 15 வரை. அதற்கும் மேலே க்ரோனோமீட்டர் தரம். இந்த ‘டாப்’ தரத்தின் சராசரி எல்லையைப் பாருங்கள்: ±4. காகிதத்தில் அது க்ரோனோமீட்டரின் −4/+6ஐவிட இறுக்கமானது! ஆனாலும் அது சான்றிதழ் பெற்ற எந்திரம் ஆகிவிடாது. நாளுக்கு நாள் வித்தியாசத்தையும் வெப்பத்தையும் ஒவ்வோர் எந்திரமாக வெளியார் யாரும் அதில் அளக்கவில்லை. ‘இந்த வகை எந்திரங்கள் பொதுவாக இப்படி ஓடும்’ என்று சொல்வதற்கும் ‘இந்த எண்ணுள்ள எந்திரம் பதினைந்து நாள் இப்படி ஓடியது’ என்று சொல்வதற்கும் இடையில் உள்ள தூரம் அது.

நடுவே ஒரு வகையும் உண்டு: நிறுவனமே வகுத்துக்கொண்டு தானே சோதிக்கும் விதி. கிராண்ட் செய்கோ தன் எந்திரங்களை 17 நாள், ஆறு நிலைகளில் சோதித்து −3/+5 என்னும் எல்லைக்குள் கொண்டுவருகிறது. ரோலெக்ஸ், சி.ஓ.எஸ்.சி. சான்று பெற்ற எந்திரத்தை உறைக்குள் பொருத்திய பிறகு மறுபடி சோதித்து ±2 என்கிறது. இவற்றை வெறும் விளம்பரம் என்று ஒதுக்க மாட்டேன். ஆனால் இவற்றை அளப்பவர் வெளியார் அல்ல என்பதை மறக்க வேண்டியதில்லை. ஒமேகாவின் மாஸ்டர் க்ரோனோமீட்டர் வேறு மாதிரி. சி.ஓ.எஸ்.சி. சான்று பெற்ற எந்திரம் முழுக் கடிகாரமாகி, சுவிட்சர்லாந்து அரசின் அளவியல் நிறுவனமான மெட்டாஸின் மேற்பார்வையில் 15,000 காஸ் காந்தப்புலத்தைத் தாங்கியும் ஓட வேண்டும். சராசரி 0 முதல் +5 வரை.

காந்தம் என்றதும் சான்றிதழின் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். சி.ஓ.எஸ்.சி.யின் வழக்கமான சோதனையில் எந்திரம் அசையாமல் கிடக்கிறது. கை வீச்சு இல்லை, அதிர்ச்சி இல்லை. சான்று பெற்ற பிறகே அதை உறைக்குள் வைத்து, உண்மையான டயலும் முட்களும் பொருத்துகிறார்கள். அந்த வேலையில் கை தவறினால் சான்றிதழ் காப்பாற்றாது. அதைவிட நுட்பமான ஒரு குறை, 24 மணிக்கு ஒருமுறை மட்டுமே பார்ப்பது. சாவி நிறைந்திருக்கும் முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் 5 வினாடி முந்தி, சாவி தளரும் அடுத்த பன்னிரண்டு மணி நேரத்தில் 5 வினாடி பிந்தினால், கேமராவுக்கு அது பூஜ்யம். பழுதுபார்ப்பவர் மேசையில் இருக்கும் டைம்கிராஃபர் கருவிக்கோ இதற்கு நேர் எதிரான குறை. அது சில வினாடி டிக் சத்தத்தைக் கேட்டு, அந்தக் கணத்தின் வேகத்தை ஒரு நாளுக்கு நீட்டிச் சொல்கிறது. நாள் முழுதும் நடந்ததை அது அறியாது. அதனால்தான் கருவி +3 காட்டியும் கடிகாரம் வீட்டில் +8 ஓடுவது உண்டு. இரண்டும் பொய் சொல்லவில்லை, அளந்தது வேறு வேறு.

உங்கள் கடிகாரத்தின் இன்றைய நிலை என்ன என்று வீட்டிலேயே பார்க்கலாம். பத்து நாள் கட்டாமல் இருக்க முடிய வேண்டும், அவ்வளவுதான். தினமும் ஒரே நேரத்தில் திருகைக் கொண்டு முழுச் சாவி கொடுங்கள். கையில் இல்லாததால் ஆட்டோமேட்டிக் தானாக ஏறாது. முதல் நாள் நேரத்தைச் சரியாக வைத்துவிட்டு, பிறகு பத்து நாளும் முட்களைத் தொடாதீர்கள். இணையத்தோடு ஒத்திசைந்த செல்பேசியின் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்து, முந்தைய நாள் குறிப்பிலிருந்து கழியுங்கள். சற்றுமுன் சொன்ன அதே ஐந்து நிலைகள், நிலைக்கு இரண்டு நாள். அறை வெப்பம் பெரிதாக மாறாத இடமாகப் பாருங்கள். கண்ணால் படிப்பதில் அரை வினாடி பிசகும், ஆகவே 1.5க்கும் 2க்கும் வித்தியாசம் காண முயலாதீர்கள். 1க்கும் 4க்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகவே தெரியும்.

வந்த எண்களைப் படிக்கும் விதம் இது. எல்லா நிலைகளிலும் சமமாக நாலைந்து வினாடி கூடியிருந்தால் ரெகுலேட்டர் வேலை. எல்லா நிலைகளிலும் திடீரென்று நிமிடக்கணக்கில் முந்தினால் மயிரிழைச் சுருள் காந்தம் ஏறி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகியுங்கள்; காந்தம் நீக்கும் கருவியில் ஒருமுறை காட்டினாலே சரியாகிவிடலாம். சராசரி சரியாகவே இருந்து, ஒரே நிலையில் இரண்டு நாளும் முன்னுக்குப் பின் முரணாக ஓடினால் எண்ணெய் வறண்டிருக்கலாம். சான்றிதழ் பெற்றபோது 1.2 ஆக இருந்த சராசரி வித்தியாசம் சில ஆண்டுகளில் 4 ஆவது பெரும்பாலும் இப்படித்தான். அப்போது ரெகுலேட்டரைத் திருகச் சொல்லாதீர்கள். கலைத்துக் கழுவி எண்ணெய் மாற்றச் சொல்லுங்கள், அதன் பிறகு அளந்து பார்த்துத்தான் ரெகுலேட்டரைத் தொட வேண்டும்.